வழிமுறை எழுதாத கணக்குக்கு மதிப்பெண் கிடையாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது உதவும்.

போன மாதம் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கே கல்லூரி போகும் மகன் இருக்கிறான். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டீச்சர், உங்க ஹால் சுவர் இப்ப எப்படி இருக்கு?" எனக்குப் புரியவில்லை. என் ஹால் சுவரைப் பற்றி இவளுக்கு என்ன கவலை என்று நினைத்தேன்.

பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா வீட்டில் சுவரின் அடிப்பாகம் ஓதம் காத்து உப்புப் பொரிந்து கிடந்ததாம். ஆள் தேடும்போது பெயிண்டிங் ஒப்பந்தக்காரர் ஒருவருடைய பக்கத்தில் 'முன்பு, பின்பு' என்று வரிசையாகப் படங்கள் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்று எங்கள் வீட்டு ஹால். ஜன்னல் கம்பியையும் மாடத்தில் இருந்த குத்துவிளக்கையும் வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். "டீச்சர் வீட்டுச் சுவரே சரியாயிடுச்சுன்னா எங்க அம்மா வீடும் சரியாயிடும்னு நம்பி 85,000 ரூபாய்க்கு வேலை கொடுத்தேன் டீச்சர். ஜூலையில அடிச்சாங்க. கார்த்திகை மழைக்கு மறுபடியும் பெயர்ந்துடுச்சு."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், அந்தப் படத்தில் தெரியும் சுவர் எட்டே மாதம்தான் அப்படி இருந்தது. அந்தப் படம் மட்டும் நான்கு வருஷமாக அப்படியே இருக்கிறது.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், அந்தப் படத்துல பொய் ஒண்ணும் இல்லையே. அன்னைக்கு அப்படித்தானே இருந்துச்சு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் 85,000 ரூபாய் இழந்ததும் உண்மை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் வீட்டுக் கதை. மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் வீடு 1994இல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கட்டும்போது வீட்டுத் தரை தெருவைவிட இரண்டடி உயரம். அதற்குப் பிறகு பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பக்கத்துச் சந்தும் சிமெண்டுச் சாலையாகி, இன்று தெருவுக்கும் எங்கள் தரைக்கும் மூன்று அங்குலம்தான் வித்தியாசம். பேஸ்மட்டத்தின் மேல், சுவர் தொடங்கும் இடத்தில், ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்குக் கான்கிரீட் போட வேண்டும். அந்தக் காலத்தில் செலவைக் குறைக்க எங்கள் கொத்தனார் அதைப் போடவில்லை. எங்களுக்கும் தெரியாது.

வகுப்பில் நான் செய்து காட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சாக்பீஸின் ஒரு முனையை மைக்கூட்டில் வைத்தால் நீலம் தானாக மேலே ஏறும். சுவரும் அதே சாக்பீஸ்தான். மண்ணில் இருக்கும் ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். படிகம் வளரும்போது இடம் வேண்டுமல்லவா? முன்னால் இருப்பதைத் தள்ளும். பூச்சு பொரிவதும், பெயிண்ட் குமிழ் விடுவதும், கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுவதும் இதனால்தான்.

எங்கள் ஹாலில் சந்துப் பக்கச் சுவர் பதினான்கு அடி நீளம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை இந்த உப்பு பூத்திருந்தது. 2022 மே மாதம் சின்ன மகள் கல்யாணம். அதற்கு முன்னால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஏப்ரலில் அந்த ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். ஹாலும் இரண்டு அறைகளும் சேர்த்து 1,800 சதுர அடிச் சுவர். சதுர அடிக்கு 34 ரூபாய். மொத்தம் 61,200 ரூபாய். ஆறு நாளில் முடித்தார்கள். பொரிந்த இடத்தைத் தகடால் சுரண்டினார்கள், இரண்டு முறை பட்டி பார்த்தார்கள், உப்புத்தாள் தேய்த்தார்கள், பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். வேலை சுத்தம். ஆறாம் நாள் மாலை எல்லா விளக்கையும் போட்டு, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "போட்டுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இந்தக் கதையில் என் தப்பு அங்கேயே தொடங்குகிறது.

நவம்பர் மழையில் ஓரத்தில் குமிழ் கண்டது. பொங்கலுக்குள் பட்டி தகடு தகடாக விழுந்தது. முன்பு இரண்டரை அடி வரை இருந்த ஓதம் இப்போது மூன்றரை அடிக்கு ஏறியிருந்தது. இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. வண்ணம் அடித்ததால் நோய் குணமாகவில்லை, கூடிவிட்டது. முன்பு ஈரம் அடிப்பாகத்திலேயே ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வழியைப் பட்டியும் எமல்ஷனும் அடைத்துவிட்டன. வெளியேற வழி தேடிய ஈரம் இன்னும் ஓரடி மேலே போனது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். என் வீட்டுப் படத்தின் கீழே எழுதியிருக்கும் விவரம் இவ்வளவுதான்: ஊர், 1,800 சதுர அடி, ஆறு நாள், இரண்டு கோட் பிரீமியம் எமல்ஷன், வண்ணத்தின் பெயர். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் என் சுவரில் இருந்த வியாதியின் பெயர் இல்லை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று இல்லை. அதை நிறுத்த என்ன செய்தார்கள் என்று இல்லை, ஏனென்றால் ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுத்த தேதி இல்லை.

நோட்டுத் திருத்தும்போது நான் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். கணக்குக்கு விடை மட்டும் எழுதியிருந்தால், சரியான விடையாக இருந்தாலும் முழு மதிப்பெண் போட மாட்டேன். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருக்கலாம் அல்லவா? வழிமுறை வேண்டும். இந்த முன்பு, பின்பு படங்கள் கேள்வியும் விடையும் மட்டும் உள்ள நோட்டு. நடுவில் இருக்க வேண்டிய பக்கங்களைக் கிழித்து எறிந்துவிட்டு, கடைசி வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.

ஆறு நாள் என்பதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு அது பெருமை இல்லை. ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, நனைந்த செங்கல் சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டிட வேலை தெரிந்தவர்கள் தோராயக் கணக்குச் சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். வெயில், காற்று பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் ஒன்பது மாதம் எங்கே, ஆறு நாள் எங்கே? ஓதச் சுவரை ஆறு நாளில் முடித்தேன் என்று ஒருவர் எழுதினால், அந்தச் சுவரை மூடினேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

படத்தையே பாருங்கள். 'முன்பு' படம் பகலில், விளக்கு இல்லாமல், பொரிந்த இடத்துக்குக் கிட்டப்போய் எடுத்தது. 'பின்பு' படம் மாலையில், எல்லா விளக்கும் எரிய, வாசலிலிருந்து எடுத்தது. அடிச்சுவருக்கு முன்னால் சோபா நிற்கிறது. அதாவது வியாதி இருந்த இடமே பின்புப் படத்தில் தெரியவில்லை! என் வீட்டுப் படத்தை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை. அந்தப் பெண் கூப்பிட்ட பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

சரி, என் சுவர் பிறகு என்ன ஆயிற்று? 2023 பிப்ரவரியில் அடுத்த தெருவில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் சுவரைத் தொடவில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, "நாளைக்கு வர்றேன்மா" என்று போய்விட்டார். மறுநாள் தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "உள்ளேருந்து வருது. வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா ரூம் காத்துல உள்ள ஈரம்னு அர்த்தம்" என்றார். நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு பத்து ரூபாய்.

பக்கத்தில் குளியலறைக் குழாய் எதுவும் போகவில்லை, மேலே மொட்டை மாடியில் விரிசல் இல்லை, ஓதம் தரையிலிருந்து சீராக ஒரே உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மண்ணிலிருந்து வரும் ஈரம் என்று முடிவு சொன்னார். குழாய் கசிவாக இருந்தால் கறை ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருக்கும், மழை காய்ந்த பிறகும் குறையாது. மாடிக் கசிவாக இருந்தால் மேலிருந்து கீழே இறங்கும். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். படத்தில் மூன்றும் ஒரே மாதிரி 'முன்பு' தான்.

கறை ஏறிய மூன்றரை அடிக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்து, நாலரை அடி உயரத்துக்குப் பூச்சை உடைத்துச் செங்கலை வெளியே எடுத்தார். கம்பி பிரஷ்ஷால் உப்பை உலர்ந்தபடியே தேய்த்து அள்ளினார். தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை, கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். தரைக்கு அரையடி மேலே, செங்கல் இணைப்பு வரியில், நாலரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சுவர் நெடுக 37 துளை போட்டு, தண்ணீரை விலக்கும் ரசாயனத்தைச் செலுத்தினார். 1994இல் போடாமல் விட்ட அடுக்குக்குப் பதில் இது. பிறகு அப்படியே விட்டுவிட்டார். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் ஹாலில் ஒரு சுவர் செங்கல் தெரிய நின்றது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் கணவருக்குக் கோபம். நான் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

செப்டம்பரில் மறுபடி பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்தார். உட்பக்கம் உலர்ந்திருந்தது. நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசினார். "ஒரு மழைக்காலம் வெறும் பூச்சோட இருக்கட்டும். தப்பு இருந்தா பூச்சுல தெரியும், பெயிண்ட் காசு மிஞ்சும்" என்றார். அந்த மழையும் போன பிறகு 2024 பிப்ரவரியில்தான் பெயிண்ட். ஆக ஒரு வருஷம். அந்த ஒரு சுவருக்கு 23,000 ரூபாய்.

முழுதாகச் சரியாகிவிட்டதா? இல்லை. சந்து மூலையில் உள்ளங்கை அளவுக்கு மறுபடி உப்பு பூக்கிறது. அங்கே சாலை இன்னும் உயரம், மழைத் தண்ணீர் நிற்கிறது, சாலையை நான் வெட்ட முடியாது. மற்ற பதின்மூன்று சொச்சம் அடியும் இரண்டு மழைக்காலம் தாண்டி நன்றாக இருக்கிறது. இந்த வேலைக்குப் படப் பக்கத்தில் விவரம் எழுதினால் இப்படி இருக்க வேண்டும்:

"கோளாறு: சந்துப் பக்கச் சுவர், 14 அடி நீளம், மண்ணிலிருந்து ஏறும் ஓதம். தெரு உயர்ந்ததும், தடுப்பு அடுக்கு இல்லாததும் காரணம். கண்டுபிடித்த விதம்: பாலிதீன் தாள், ஒரு நாள். செய்தது: நாலரை அடிக்குப் பூச்சு நீக்கம், 37 துளையில் ரசாயனம், ஏழு மாதம் காயவிட்டது, புதுப் பூச்சு, ஒரு மழைக்காலம் காத்திருப்பு, பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. படங்கள்: பூச்சு உடைத்தபோது 2023 பிப்ரவரி, பெயிண்ட் முடிந்தபோது 2024 பிப்ரவரி, இரண்டாம் மழைக்குப் பிறகு. மீதிக் குறை: மூலையில் உள்ளங்கை அளவு உப்பு."

கடைசி வரியைப் பாருங்கள். குறையையும் எழுதியவரை நம்பிக் காசு கொடுக்கலாம். முப்பது வீட்டுப் படம் போட்டு முப்பதிலும் குறையே இல்லை என்பவரிடம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

ஒப்பந்தக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அந்த ஒப்பந்தக்காரரே சொன்னார். "ஒரு வருஷம் ஆகும்னு சொன்னா எந்த வீட்டுக்காரங்க டீச்சர் வேலை கொடுப்பாங்க? கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி கூப்பிடுறீங்க." உண்மைதான். நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆனால் அதற்கு அவர் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. "இப்ப அடிச்சா கல்யாணத்துக்குப் பளிச்சுனு இருக்கும், மழைக்குத் தாங்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சுவரில் பட்டிகூடப் பார்க்காமல், வெறும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மற்ற சுவர்களை மட்டும் செய்திருக்கலாம். சொன்ன பிறகும் நான் பிடிவாதம் பிடித்திருந்தால் அது என் பாடு. சொல்லாமல் அடித்துவிட்டு, தோற்றுப்போன அந்தச் சுவரையே சாதனை என்று படம் போட்டு அடுத்த வீட்டைப் பிடிப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியாது. சுவர் பெயர்ந்ததை அவர் நேரில் வந்து பார்த்தார். பெயர்ந்த இடத்தில் மறுபடி பட்டி பார்த்துவிட்டும் போனார். தெரிந்த பிறகும் படத்தை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அது பொய்தான்.

"முடிச்ச வீட்டுக்குள்ள ஒரு வருஷம் கழிச்சு யாரு விடுவாங்க?" என்றும் ஒரு கேள்வி வரும். நாங்கள் விடுவோம். எங்கள் சுவர் நன்றாக இருந்தால் காபி கொடுத்து விடுவோம். இருக்காது என்ற பயம் உள்ளவர்தான் மறுபடி வாசலை மிதிக்க மாட்டார்.

ஆகவே படம் பார்த்து ஆள் பிடிக்கிறவர்கள் மூன்று கேளுங்கள். முன்பு இருந்த கோளாறுக்குக் காரணம் என்ன? அந்தக் காரணத்தை எப்படி நிறுத்தினீர்கள்? ஒரு மழை தாண்டிய பிறகு, அதே இடத்தில் நின்று எடுத்த படம் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால், அந்த வீட்டுக்காரரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பெண் என்னிடம் ஜூலைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 85,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். கேட்கக் கூச்சப்பட்டாள். டீச்சரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படும்படி வளர்த்ததும் நாங்கள்தானோ என்னவோ.

என் மாணவர்களில் நான்கைந்து பேர் பெயிண்டிங், கட்டிட ஒப்பந்தம் எடுக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் இருக்கும் பின்புப் படங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு, இந்தத் தை மாதமே அந்த ஐந்து வீட்டுக்கும் போங்கள். அதே இடத்தில் நின்று, பகலில், சோபாவை நகர்த்திவிட்டுப் படம் எடுங்கள். தேதியோடு போடுங்கள். கெட்டுப்போனது இருந்தால் அதையும், ஏன் கெட்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வேலை குறையும் என்று பயப்படாதீர்கள். முதலில் கூப்பிடுகிற ஆள் நானாக இருப்பேன். மூலைச் சுவர் இன்னும் பாக்கி இருக்கிறது.

கீழே என் ஹால் சுவரின் மூன்று படங்கள் போட்டிருக்கிறேன், தேதியோடு. முதல் படம் ஒப்பந்தக்காரர் எடுத்த அதே பின்புப் படம், 2022 ஏப்ரல். இரண்டாவது 2023 பொங்கலன்று, பட்டி பெயர்ந்து கிடந்தது. மூன்றாவது இன்று காலை பத்து மணிக்கு எடுத்தது. மூலையில் இருக்கும் உப்பும் தெரிகிறது, மறைக்கவில்லை. எங்கேயாவது முதல் படத்தை மட்டும் பார்த்தால், மற்ற இரண்டையும் அதன் கீழே ஒட்டிவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்கு அடுத்த ஞாயிறு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பாலிதீன் தாளும் டேப்பும் வாங்கி வைத்தாயிற்று.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்